எர்த் குழாயில் கட்டிய கிடா

என் கடைக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணை அறிந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பேர் வந்து போனால் தரை காவி உடுத்திக்கொள்ளும். அதனால் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை சிமெண்டுத் தரையை ஈரத்துணியால் துடைப்பேன். வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். கடை என்னுடையது, பிரிண்டரும் என்னுடையது, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் நான்தான் முடிவு செய்வேன்.

இந்தச் சட்டத்திலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. முதல் ஆள் நான். குதிகால் வலி என்று போனதற்கு டாக்டர், வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற தடித்த ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ஆள் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் முந்திரிக்காட்டுக்காரர். அவருக்குக் காலில் சர்க்கரைப் புண். அவருக்கும் அதே டாக்டர், அதே ரப்பர் செருப்பு. அவரை வெறுங்காலோடு நடக்கவிட்டால் பாவம் என்று நானே உள்ளே செருப்போடு வரச் சொல்லியிருந்தேன். இந்தக் கருணை என்ன வேலை பார்க்கப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கடை என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், ஓய்வூதிய விண்ணப்பம் என்று கணினியில் செய்கிற எல்லா வேலையும் இங்கே நடக்கும். விரல் ரேகை வைக்கும் சின்னக் கருவியின் கேபிள் மிகக் குட்டை. அதனால் கணினியின் சி.பி.யு. பெட்டியை மேசை மேல், வருகிறவர்கள் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தேன். சித்திரை வெயிலுக்குப் பெட்டி கொதிக்கிறது என்று அதன் பக்கத்து மூடியையும் கழற்றிவிட்டேன். ஆக, வந்து உட்காருகிறவர் வலது கட்டை விரலை ரேகைக் கருவியில் வைப்பார். இடது கை சும்மா இருக்காது, பெட்டியின் வெறும் தகர விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஒரு பெரியவர்தான் சொன்னார்.

"ஏம்மா, இந்தப் பெட்டி சுள்ளுங்குது."

நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "வயசாச்சுல்ல மாமா, நரம்புத் தளர்ச்சியா இருக்கும். சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்றேன். எனக்கு மருத்துவமும் தெரியும் என்ற நினைப்பு எப்போதும் உண்டு.

அடுத்து வந்த ஆளிடம் விண்ணப்பத்துக்காக வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "உங்க பேருல நிலம் இருக்கா?"

"இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே பெட்டி மேல் கையை வைத்தவர் துள்ளி எழுந்தார். கையை உதறினார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒரு அரை ஏக்கர் இருக்குங்க. ஆனா அது கூட்டுப் பட்டா" என்றார்.

வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு முடிந்தது. ஒரு வாரத்துக்குள், பொய் சொன்னால் என் கணினி அடிக்கும் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. உண்மை சொன்னவர்களையும் அது அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அப்படி அடி வாங்கியவர்கள், பழைய பொய் எதற்கோ இப்போது கணக்குத் தீர்க்கிறது என்று வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

நான் இதை மறுக்கவில்லை. இந்த இடத்தில் என் தப்பை நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. பிறந்த தேதியை மூன்று விதமாகச் சொல்கிறவர்கள் ஒரே விதமாகச் சொன்னார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், சண்டை போட்டுத் தனியாகப் போன தம்பியையும் சேர்த்துச் சொன்னார்கள். இப்படி ஒரு உதவியாளர் சும்மா கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

பெட்டிக்கு மின்சாரம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் நல்ல கடையாகப் பார்த்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கியிருந்தேன். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் கணினியைக் காப்பாற்றும் சர்ஜ் வகை. அதில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எதற்கு என்று நான் கேட்கவும் இல்லை, கடைக்காரர் சொல்லவும் இல்லை. சுவரில் இருந்த பழைய சாக்கெட்டில் அதன் பிளக் நிற்காமல் ஆடியது. யாராவது மேசையை இடித்தால் கணினி அணைந்துவிடும். பாதி விண்ணப்பத்தில் அணைந்தால் மறுபடி முதலில் இருந்து. அதற்கும் நான் வைத்தியம் பார்த்தேன். வீணாய்ப் போன விண்ணப்பத் தாளை நான்காய் மடித்துப் பிளக்குக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன். தாள் கருகினால் வேறு தாள்.

முந்திரி விளைந்து கொட்டுகிற மாதம் அது. ஒரு சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். அப்போதுதான் தரையைத் துடைத்திருந்தேன், ஈரம் காயவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அக்கா, மகளின் சாதிச் சான்றுக்காக வந்திருந்தார். அவர் கொல்லையும் முந்திரிக்காட்டுக்காரரின் தோப்பும் ஒரே வேலியில் ஒட்டிக்கொண்டிருப்பவை. முந்திரிக்காட்டுக்காரரும் பட்டா நகலுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் அக்காவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "கீழ விழுந்த கொட்டை பூராம் காலையில போனா காணோம். ஒங்க பக்கம்தான் வேலி பிரிஞ்சு கெடக்கு."

"நான் எதுக்கு மாமா எடுக்குறேன்? எனக்கு ஒங்க கொட்டை எதுக்கு?" என்றார் அக்கா.

"எடுக்கலைன்னா இந்தப் பெட்டியத் தொட்டுச் சொல்லு."

கூட்டம் மொத்தமும் திரும்பியது. நான் அப்போதே "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், சொல்லும் வந்தது, ஆனால் அதற்குள் அக்கா உள்ளங்கையைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டார். "நான் எடுக்க..." என்றவர் "ஆத்தாடி!" என்று கையை இழுத்துக்கொண்டார்.

முந்திரிக்காட்டுக்காரர் மேசைப் பக்கம் வந்தார். பிறகு தன் கையை அதே இடத்தில் வைத்தார். "என் தோப்புக் கொட்டை களவு போனது உண்மை" என்றார். பெட்டி அவரை ஒன்றுமே செய்யவில்லை. கையை எடுக்காமல் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

அக்கா சான்றும் வாங்காமல் இறங்கிப் போய்விட்டார். அவசரத்தில் வாசலில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தும் ஒருவர் சிரித்தார்.  ஒரு ஓரத்தில் எனக்கே அக்கா மேல் சந்தேகம். அவர் தொட்டால் அடிக்கிறது, நான் தொட்டால் அடிக்கவில்லை. நான் யோக்கியம்தான் என்று ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது. நினைத்தால் இப்போதும் என்னை நாலு சாத்துச் சாத்தலாம் போல இருக்கிறது.

திங்கட்கிழமை பிளக்குக்கு அடியில் வைத்த தாளில் இருந்து புகை வந்தது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எதைப் பார்த்தாலும் அங்கே எப்படி என்று ஒரு வரி சொல்லாமல் விட மாட்டார்.

சாக்கெட்டைப் பார்த்தார். பிளாஸ்டிக் உருகி, துளையைச் சுற்றிக் கறுத்திருந்தது. மடித்த தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்னக்கா?" என்றார்.

"முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம்."

"லூசா இருக்குற பிளக்குல பொறி பறக்கும், சூடேறும். அதுக்குப் பக்கத்துல தாள வைக்கிறது, அடுப்புக்குள்ள வெறகு வைக்கிறதுதான். அந்த நாட்டுல இதப் பாத்தாங்கன்னா கடையையே மூடிருவாங்க." சொல்லிக்கொண்டே புது சாக்கெட்டை மாட்டினார். பிளக் இறுக்கமாக உட்கார்ந்தது, மெயினைப் போட்டார். பிறகு ஜங்ஷன் பாக்ஸைத் தூக்கினார். "இதுல எர்த் விளக்கு எங்க?"

"அதுலதான் இருக்கும்."

அவர் நகத்தால் சுரண்டினார். போன ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தேன். கணினிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, ஜங்ஷன் பாக்ஸுக்கு ஒன்று. பாக்ஸில் பொட்டு வைக்கத் தோதாக நெற்றி மாதிரி ஒரு இடம் இருந்தது, அங்கே வைத்தேன். அது பச்சை விளக்கு. பொட்டு உதிர்ந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை.

"எர்த் சரியா இருந்தா இது எரியணும். அணைஞ்சுதுன்னா எர்த் இல்லன்னு அர்த்தம். நீங்க அதோட கண்ண மூடிப் பொட்டு வச்சிருக்கீங்க."

பிறகு டெஸ்டரைச் சி.பி.யு.வின் தகரத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு மினுக்கென்று எரிந்தது. 

"அது என்னை அடிக்கவே இல்லையே" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "செருப்பக் கழட்டிட்டு, விரலோட பின்பக்கத்தால லேசாத் தொடுங்க."

கழற்றினேன். ஈரத் தரை உள்ளங்காலில் ஜில்லென்றது. தொட்டேன். சுள் என்று விரலில் இருந்து முழங்கை வரை எறும்புக் கூட்டம் ஓடியது. "ஆத்தாடி!" என்றேன். அக்கா சொன்ன அதே சொல்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பிறகு நான் நூறு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "கம்ப்யூட்டருக்குக் கரண்டு குடுக்குற பொட்டிக்குள்ள, கரண்டோட சேந்து வர்ற இரைச்சல வடிகட்ட ஒரு சமாச்சாரம் இருக்கு. அதுலேருந்து துளியூண்டு கரண்டு தகரத்துக்குக் கசியும். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் கசியும், அது தப்பில்ல. எர்த் இருந்தா அது வழியா மண்ணுக்குப் போயிரும். எர்த் இல்லன்னா தகரத்துலயே நிக்கும். வெறுங்காலோட ஈரத்துல நிக்கிறவங்க தொட்டா, அவங்க ஒடம்பு வழியா மண்ணுக்கு எறங்கும். ரப்பர் செருப்புப் போட்டவங்களுக்கு எறங்க வழி இல்ல, ஒண்ணும் தெரியாது. இது சின்ன ஷாக்குதான், ஆனா விளையாட்டு இல்லக்கா. நாளைக்கு உள்ள ஒரு லைன் ஒயரு அறுந்து தகரத்துல பட்டுச்சுன்னா, எர்த் இருந்தா பியூஸ் போயிரும். இல்லன்னா ஆளு போயிருவாங்க."

"அப்ப இந்த சர்ஜ் பாக்ஸ்?"

"அது எகிறி வர்ற கரண்ட எர்த்துலயும் தள்ளி விடணும்ல. தள்ள எடமே இல்லன்னா பாதி வேலைதான் பாக்கும்."

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "நியூட்ரல்லேருந்து ஒரு ஒயரு எர்த்துக்குக் குடுத்துருங்களேன், தீந்துச்சு" என்றார். எலக்ட்ரீஷியன் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு சுடு சொல் இருந்தது. "நியூட்ரல் எங்கயாச்சும் விட்டுப்போச்சுன்னா மொத்தக் கரண்டும் தகரத்துக்கு வந்துரும் அண்ணே. அப்ப பொய் சொன்னவன், உண்மை சொன்னவன் எல்லாரையும் அது சேத்து அடிக்கும்."

எங்கள் வீட்டுக்கு எர்த் இல்லாமல் இல்லை. கட்டும்போதே கொல்லையில் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, இரும்புக் குழாய் நட்டுத்தான் கட்டினோம். அந்தக் குழாய் தரைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கப் பின்னால் போனோம்.

குழாயில் எங்கள் கிடா கட்டியிருந்தது.

குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா. பொங்கலுக்குப் பிறகு வாங்கி வந்தோம். சாமிக்குரியது என்பதால் யாரும் அதை ஒரு வார்த்தை அதட்ட மாட்டோம், அதுவும் அதைத் தெரிந்துகொண்டு நடந்தது. கட்ட ஒரு முளை வேண்டும் என்றபோது என் வீட்டுக்காரர், கடப்பாரை எடுத்துக் குழி தோண்டச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே ஆழமாக நட்டிருக்கிறதே என்று இந்தக் குழாயில் கட்டிவிட்டார். நான்கு மாதம் அது குழாயைச் சுற்றி வந்து, கயிற்றை முறுக்கி, எதிர்த்து இழுத்திருக்கிறது. குழாயின் கழுத்தில் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப் கழன்று, துருப்பிடித்த கம்பி அறுந்து, மண்ணுக்கு மேல் சும்மா கிடந்தது. சுற்றிலும் மண் செங்கல் போலக் காய்ந்திருந்தது. கிடா எங்கள் மூவரையும் பார்த்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"அந்த நாட்டுல..." என்று ஆரம்பித்த எலக்ட்ரீஷியன், மேற்கொண்டு சொல்ல ஒன்றும் கிடைக்காமல் நிறுத்திக்கொண்டார். பல வருடத்தில் அவர் ஒரு எர்த்தை ஆடு அறுத்துப் பார்த்ததில்லை.

கிடாவை வேப்பமரத்துக்கு மாற்றினோம். அவர் குழாயைத் தேய்த்துத் துருவை எடுத்து, புதுக் கிளாம்ப் போட்டு, புதுக் கம்பியை மெயின் போர்டு வரை இழுத்து முறுக்கினார். சுற்றிக் கிளறி, கரியும் உப்பும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கோடையில் அவ்வப்போது ஊற்ற வேண்டும், நம் மண் தண்ணீர் குடிக்காவிட்டால் கரண்டையும் குடிக்காது என்றார். கடைசியில் ஒரு குண்டு பல்பை லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். பளிச்சென்று எரிந்தது. ஜங்ஷன் பாக்ஸில் பச்சை விளக்கும் எரிந்தது. டெஸ்டர் தகரத்தில் அணைந்தே கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் நின்று, முழுக் கையால் பெட்டியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். எர்த், கிடா, செருப்பு எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினார். கேட்டு முடித்ததும் அழவில்லை, திட்டவும் இல்லை.

"பிள்ளைக தட்டு நீட்டுறப்ப என் கையத்தான் பாக்குதுக. மொகத்தப் பாக்கல. திருடிங்கிற பேரோட நான் எப்படிம்மா சோறு போடுறது? நீ எனக்கு மட்டும் வந்து சொல்லி என்ன ஆவப் போவுது? எல்லார் முன்னாடியும் சுட்டுச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

அடுத்த சனிக்கிழமை. கூட்டம் இருந்தது. முந்திரிக்காட்டுக்காரரையும், பட்டா நகல் தயார் என்று வரவழைத்திருந்தேன். அக்கா வந்ததும் நான் எழுந்து நின்று, வடிகட்டி, கசிவு, கிளாம்ப், கிடா, குங்குமப் பொட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வதந்தி எனக்கு உதவியாக இருந்ததால் நான் வாய் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது முகம் எரிந்தது.

ஒருவரும் நம்பவில்லை. பெட்டிக்கு மனிதர் மனசு தெரியும் என்பதை ஒரே வாரத்தில் நம்பியவர்களுக்கு, ஒரு அறுந்த கம்பியை நம்ப முடியவில்லை. "ஆடு எப்படிம்மா கம்ப்யூட்டருக்குள்ள போவும்?" என்று ஒரு ஆத்தா கேட்டார்.

அக்கா வெறுங்காலோடு முன்னே வந்தார். அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "நான் எடுக்கல" என்றார். பெட்டி சும்மா இருந்தது.

"அதெப்படி, ஒயர மாத்திப்புட்டீங்கள்ல" என்றார் முந்திரிக்காட்டுக்காரர். "இப்ப அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒயர மாத்துனா மறந்துபோற பெட்டியவா மாமா எனக்கு சாட்சியா வச்சீங்க?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். இந்த முறை அக்காவைப் பார்த்து அல்ல.

"பெட்டிய விடுங்க" என்றார் அக்கா. "அது இனிமே யாருக்காவவும் பேசாது. நீங்க பேசுங்க. நான் எடுத்ததக் கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாத்தேன்னு யாராச்சும் சொன்னாகளா?"

"வேலி பிரிஞ்சு கெடந்துச்சு..." என்று இழுத்தவர், தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு என் செருப்பைப் பார்த்தார். அங்கே இருந்த முப்பது கால்களில் செருப்புப் போட்டிருந்தவை எங்கள் நான்கு மட்டும்தான். கம்பியையும் கிடாவையும் நம்பாதவர் அதை நம்பினார் என்று நினைக்கிறேன். குரல் இறங்கிவிட்டது. "நீ எடுக்கலத்தா. நான்தான் அவசரப்பட்டுப் பேசிப்புட்டேன்."

"வெளியில நிக்கிறவகளுக்குக் கேக்கல" என்றார் அக்கா.

அவர் வாசல் பக்கம் திரும்பி, தோப்பில் ஆள் கூப்பிடுகிற குரலில், "இந்தப் புள்ள எடுக்கல! நான் சொன்னது தப்பு!" என்று கத்தினார். எதிர்த்த டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா உட்கார்ந்தார். மகளின் சாதிச் சான்றுக்கு விவரம் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். வலது கட்டை விரலை ரேகைக் கருவியில் வைத்தார். இடது கை பெட்டியின் தகர விளிம்பிலேயே இருந்தது. வேலை முடியும்வரை, பிரிண்டரில் இருந்து தாள் வெளியே வரும்வரை, அவர் அந்தக் கையை எடுக்கவே இல்லை.